வன்பொருள் முகவரியும் ஐ.பி. முகவரியும்: ஒவ்வொரு ஹாப்பிலும் எது மாறுகிறது, எது மாறாமல் செல்கிறது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு கிளை அலுவலகக் கணினியிலிருந்து, கிண்டியில் உள்ள தலைமை அலுவலக சர்வருக்கு ஒரு பிங் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கணினியை விட்டுக் கிளம்பும்போது அந்தத் தகவலின் மேல் நான்கு முகவரிகள் எழுதப்பட்டிருக்கும்: அனுப்புபவரின் ஐ.பி., பெறுபவரின் ஐ.பி., அனுப்புபவரின் மேக், பெறுபவரின் மேக். கிண்டி சர்வரின் வாசலில் அதைப் பிடித்துப் பார்த்தாலும் நான்கு முகவரிகள் இருக்கும். ஐ.பி. முகவரிகள் இரண்டும் கிளம்பியபோது இருந்தபடியே இருக்கும். மேக் முகவரிகள் இரண்டில் ஒன்றுகூட பழையதாக இருக்காது. அவை எந்த இடத்தில், எந்தக் கருவியால், எதற்காக மாறின என்பதை இந்த ஒரு பாதையை வைத்தே கடைசிவரை பார்ப்போம்.

இரண்டு முகவரிகளும் எதற்கு

மேக் முகவரி என்று நாம் சொல்லும் வன்பொருள் முகவரி, கணினியின் நெட்வொர்க் கார்டுக்கு உரியது. அது 48 பிட் நீளமுள்ளது. 0 முதல் 9 வரையும் a முதல் f வரையும் உள்ள இலக்கங்களில் இரண்டிரண்டாக, ஆறு பகுதிகளாக எழுதப்படும். முதல் மூன்று பகுதிகள் கார்டைத் தயாரித்த நிறுவனத்துக்கு ஐ.இ.இ.இ. அமைப்பு ஒதுக்கியவை, மீதி மூன்றையும் அந்த நிறுவனமே கார்டுக்குக் கார்டு வேறுபடுமாறு தருகிறது. ஆகவே மேக் முகவரியைப் பார்த்து அது எந்த நிறுவனத்தின் கார்டு என்று சொல்லிவிடலாம். அது அம்பத்தூரில் இருக்கிறதா கிண்டியில் இருக்கிறதா என்று மட்டும் சொல்ல முடியாது. கணினியைத் தூக்கிக்கொண்டு போய் வேறு அலுவலகத்தில் வைத்தாலும் அதே மேக் முகவரிதான்.

ஐ.பி. முகவரி இதற்கு நேர்மாறானது. ஐ.பி. பதிப்பு 4-இல் அது 32 பிட் நீளமுள்ளது. கருவி எந்த நெட்வொர்க்கில் இணைந்திருக்கிறது என்பதை அதன் முன்பகுதியும், அந்த நெட்வொர்க்குக்குள் அது எந்தக் கருவி என்பதைப் பின்பகுதியும் சொல்கின்றன. எங்கே முன்பகுதி முடிகிறது என்பதைக் காட்டுவதுதான் சப்நெட் மாஸ்க். கணினியை அம்பத்தூரிலிருந்து கிண்டிக்குக் கொண்டுபோனால் அதன் ஐ.பி. முகவரி மாறியே ஆக வேண்டும், ஏனெனில் அந்த முகவரியிலேயே இடம் அடங்கியிருக்கிறது.

இதனால்தான் நெடுந்தூரப் பயணத்துக்கு ஐ.பி. உதவுகிறது, மேக் உதவுவதில்லை. 192.168.20 என்று தொடங்கும் முகவரிகள் அனைத்தும் கிண்டிப் பக்கம் என்று ஒரு ரவுட்டர் ஒரே வரியில் நினைவில் வைத்துக்கொள்ளலாம். மேக் முகவரிகளை அப்படித் தொகுக்க வழியே இல்லை. ஒவ்வொரு கார்டையும் தனித்தனியே நினைவில் வைத்தாக வேண்டும். ஒரு மாடிக்குள் அது முடியும், ஊர் முழுவதற்கும் முடியாது. ஆனால் ஒரே கேபிளில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஈதர்நெட் கருவிகள் பேசிக்கொள்ள மேக் இல்லாமல் ஆகாது. எனவே ஐ.பி. முகவரி முழுப் பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் சொல்கிறது. மேக் முகவரி, தற்போது கடந்துகொண்டிருக்கும் அந்த ஒரு துண்டின், அதாவது ஒரு ஹாப்பின், தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் சொல்கிறது.

நாம் எடுத்துக்கொள்ளும் பாதை

அம்பத்தூர்க் கிளையில் ஒரு கணினி, ஒரு சுவிட்ச், ஒரு ரவுட்டர். கிண்டியில் ஒரு ரவுட்டர், ஒரு சுவிட்ச், ஒரு சர்வர். இரண்டு ரவுட்டர்களுக்கும் இடையே ஈதர்நெட் லீஸ்டு லைன் ஒன்று. ஒவ்வொரு ரவுட்டருக்கும் இரண்டு போர்ட்டுகள் உண்டு, ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி ஐ.பி.யும் தனித்தனி மேக்கும் உண்டு. ரவுட்டருக்கு மொத்தமாக ஒரே முகவரி என்று நினைத்துக்கொண்டால் இனி வரப்போவது எதுவும் விளங்காது.

```
PC                192.168.10.25   02:00:00:00:00:25
Ambattur LAN      192.168.10.1    02:00:00:00:0a:01
Ambattur WAN      10.1.1.1        02:00:00:00:0a:02
Guindy WAN        10.1.1.2        02:00:00:00:0b:02
Guindy LAN        192.168.20.1    02:00:00:00:0b:01
Server            192.168.20.50   02:00:00:00:00:50
```

இரண்டு அலுவலக நெட்வொர்க்குகளுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0, அதாவது ஐ.பி.யின் முதல் மூன்று எண்கள் முன்பகுதி. மேக் முகவரிகள் எல்லாம் 02 என்று தொடங்குவதற்குக் காரணம் உண்டு: முதல் பகுதியின் இரண்டாவது இலக்கம் 2, 6, a, e ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், அது எந்த நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டதல்ல, பயனரே வைத்துக்கொண்ட தனிமுகவரி என்று பொருள். பயிற்சிக்கு அத்தகையவற்றைப் பயன்படுத்துவதே நல்லது. இப்போதைய கைப்பேசிகள் வைஃபையில் இணையும்போது தாமாக உருவாக்கிக்கொள்ளும் மேக் முகவரியும் இந்த வகைதான். உங்கள் கைப்பேசியின் வைஃபை விவரத்தைத் திறந்து அந்த இரண்டாவது இலக்கத்தைப் பார்த்தால் தெரியும்.

உங்கள் கணினியின் இரண்டு முகவரிகளையும் காண, விண்டோஸில் `ipconfig /all`, லினக்ஸில் `ip addr` என்று கொடுங்கள். விண்டோஸ் மேக் முகவரியை Physical Address என்றும், லினக்ஸ் link/ether என்றும் காட்டும்.

முதல் படி: பெறுபவர் பக்கத்திலா, தொலைவிலா

192.168.20.50-க்கு அனுப்ப வேண்டும் என்றதும், அம்பத்தூர்க் கணினி முதலில் தன் மாஸ்க்கைக் கொண்டு ஒரு கணக்குப் போடுகிறது. தன்னுடைய முன்பகுதி 192.168.10, பெறுபவரின் முன்பகுதி 192.168.20. இரண்டும் ஒன்றல்ல. எனவே பெறுபவர் இந்த நெட்வொர்க்கில் இல்லை, வெளியே செல்லும் வாசலான கேட்வேயிடம், அதாவது அம்பத்தூர் ரவுட்டரிடம், கொடுத்தாக வேண்டும் என்று முடிவு செய்கிறது. இந்த முடிவை லினக்ஸில் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்:

```
$ ip route get 192.168.20.50
192.168.20.50 via 192.168.10.1 dev eth0 src 192.168.10.25
```

via என்ற சொல் இருந்தால் கேட்வே வழி, இல்லாவிட்டால் நேர்வழி. இந்தக் கணக்கில் கணினி பயன்படுத்துவது தன்னுடைய மாஸ்க்கை மட்டுமே. பெறுபவரின் மாஸ்க் அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. மாஸ்க்கைத் தவறாகக் கொடுத்த கணினி மட்டும் தனியே தடுமாறுவதற்கு இதுவே காரணம். அதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் படி: கேட்வேயின் மேக்கைக் கேட்டறிதல்

கணினிக்குக் கேட்வேயின் ஐ.பி. தெரியும், மேக் தெரியாது. அதைக் கேட்டறியும் முறைக்கு ஏஆர்பி என்று பெயர். 1982 நவம்பரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 826 என்ற ஆவணம் வகுத்த அந்த முறையையே ஐ.பி. பதிப்பு 4-க்கு இன்றும் பயன்படுத்துகிறோம். 192.168.10.1 யாருடையது என்ற கேள்வியைக் கணினி ff:ff:ff:ff:ff:ff என்ற முகவரிக்கு, அதாவது அந்த நெட்வொர்க்கில் உள்ள அனைவருக்கும் அனுப்புகிறது. எல்லாக் கருவிகளும் அதைப் பெறுகின்றன, அந்த ஐ.பி.க்கு உரிய ரவுட்டர் போர்ட் மட்டும் தன் மேக்கைச் சொல்லிப் பதில் அனுப்புகிறது. பதிலைக் கணினி சிறிது நேரம் தன் பட்டியலில் வைத்துக்கொள்ளும்:

```
$ ip neigh
192.168.10.1 dev eth0 lladdr 02:00:00:00:0a:01 REACHABLE
```

விண்டோஸில் இதே பட்டியலை `arp -a` காட்டும். அதில் கிண்டி சர்வரின் முகவரியைத் தேடினால் கிடைக்காது. எத்தனை நாள் அந்த சர்வரோடு பேசினாலும் அதன் மேக் முகவரி அம்பத்தூர்க் கணினிக்கு ஒருபோதும் தெரியவராது, ஏனெனில் ஏஆர்பி கேள்வி ரவுட்டரைத் தாண்டிச் செல்வதில்லை.

இந்த இடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கேட்வேயின் ஐ.பி. முகவரியான 192.168.10.1, கிண்டிக்குச் செல்லும் பாக்கெட்டில் எங்குமே எழுதப்படுவதில்லை. பாக்கெட்டில் பெறுபவர் ஐ.பி. 192.168.20.50 மட்டுமே. கேட்வேயின் ஐ.பி.க்கு இருக்கும் ஒரே வேலை, அதன் மேக் முகவரியைக் கண்டுபிடிக்க உதவுவது. கேட்வேயிடம் கொடு என்ற முடிவு, பெறுபவர் மேக் என்ற இடத்தில் ரவுட்டரின் மேக்கை எழுதுவதன் மூலமே செயலாகிறது. பெறுபவர் ஐ.பி. ஒருவருடையது, பெறுபவர் மேக் வேறொருவருடையது என்ற நிலை பிழையல்ல. தொலைவுக்குச் செல்லும் எல்லாப் பாக்கெட்டுகளும் அப்படித்தான் கிளம்புகின்றன.

மூன்றாம் படி: சுவிட்ச் எதையும் மாற்றுவதில்லை

கணினியிலிருந்து கிளம்பிய ஃபிரேம், அதாவது மேக் முகவரிகள் எழுதிய மேலுறையோடு கூடிய பாக்கெட், சுவிட்ச்சை அடைகிறது. சுவிட்ச் முதலில் அனுப்புபவர் மேக்கைப் பார்த்து, இந்த மேக் இந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பிறகு பெறுபவர் மேக்கை அட்டவணையில் தேடுகிறது. இருந்தால் அந்த ஒரு போர்ட்டில் மட்டும் வெளியேற்றுகிறது. இல்லாவிட்டால் வந்த போர்ட்டைத் தவிர மற்றெல்லாப் போர்ட்டுகளிலும் அனுப்புகிறது. சற்று நேரம் பேசாத கருவியின் பதிவை அது நீக்கிவிடும். பல சுவிட்ச்சுகளில் இந்த அவகாசம் 300 விநாடிகள் என்று அமைக்கப்பட்டிருக்கும்.

இந்த வேலையில் சுவிட்ச் நான்கு முகவரிகளில் எதையும் தொடுவதில்லை. ஐ.பி. பகுதியைத் திறந்து படிப்பதும் இல்லை. சுவிட்ச்சின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்க அதற்கென ஓர் ஐ.பி.யும் ஒரு மேக்கும் இருக்கலாம். ஆனால் அதன் வழியே கடந்துசெல்லும் ஃபிரேமில் அவை இடம்பெறுவதில்லை. கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே ஒரு சுவிட்ச் இருந்தாலும் நான்கு இருந்தாலும் ரவுட்டரின் வாசலில் கிடைப்பது கணினி எழுதிய அதே நான்கு முகவரிகள்தான். ஆகவே முகவரிக் கணக்கில் சுவிட்ச் ஒரு ஹாப்பே அல்ல.

நான்காம் படி: ரவுட்டர் மேக்கைக் கழற்றிப் புதிதாக எழுதுகிறது

அம்பத்தூர் ரவுட்டரின் உள்பக்கப் போர்ட், பெறுபவர் மேக் தன்னுடையது என்பதைப் பார்த்து ஃபிரேமை ஏற்றுக்கொள்கிறது. வேறு மேக் எழுதப்பட்டிருந்தால், உள்ளே இருக்கும் ஐ.பி. எதுவாக இருந்தாலும் அதைக் கைவிட்டிருக்கும். ஏற்றுக்கொண்டதும், ஃபிரேமின் மேலுறையாக இருந்த மேக் பகுதி முழுவதையும் கழற்றி எறிந்துவிடுகிறது. கணினியின் மேக் முகவரி அந்த இடத்தோடு முடிந்தது. இனி அதைச் சுமந்து செல்வது எதுவும் இல்லை.

உள்ளே இருந்த ஐ.பி. பாக்கெட்டை எடுத்து, பெறுபவர் ஐ.பி.யைத் தன் வழித்தட அட்டவணையில் ரவுட்டர் தேடுகிறது. 192.168.20 என்று தொடங்குபவை 10.1.1.2 வழியாக என்ற வரி கிடைக்கிறது. பிறகு பாக்கெட்டில் உள்ள டிடிஎல் என்ற எண்ணில் ஒன்றைக் குறைக்கிறது. அது பூஜ்ஜியமாகிவிட்டால் பாக்கெட்டைக் கைவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். வழித்தடக் குழப்பத்தால் ஒரு பாக்கெட் முடிவின்றிச் சுற்றிக்கொண்டே இருப்பதைத் தடுக்கும் ஏற்பாடு இது. டிடிஎல் மாறியதால் ஐ.பி. தலைப்பின் சரிபார்ப்பு எண்ணும் மாறுகிறது. அனுப்புபவர் ஐ.பி.யும் பெறுபவர் ஐ.பி.யும் அப்படியே இருக்கின்றன.

கடைசியாக, 10.1.1.2-இன் மேக் என்ன என்று லீஸ்டு லைன் பக்கத்தில் ஏஆர்பி மூலம் கேட்டறிந்து, புதிய மேலுறை ஒன்றை எழுதுகிறது. அனுப்புபவர் மேக் அம்பத்தூர் ரவுட்டரின் வெளிப்பக்கப் போர்ட். பெறுபவர் மேக் கிண்டி ரவுட்டரின் வெளிப்பக்கப் போர்ட். கிண்டி ரவுட்டரும் இதே வேலையை மறுபடி செய்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்: பெறுபவர் தன் நெட்வொர்க்கிலேயே இருப்பதால் அது அடுத்த ரவுட்டரைத் தேடாமல், 192.168.20.50 யாருடையது என்று நேரடியாகக் கேட்கிறது. பெறுபவர் ஐ.பி.யும் பெறுபவர் மேக்கும் ஒரே கருவியைக் குறிப்பது இந்தக் கடைசித் துண்டில் மட்டுமே.

மூன்று இடங்களில் பிடித்துப் பார்த்தால்

இதைக் கண்ணால் காண `tcpdump` போதும். மேக் முகவரியையும் காட்டச் சொல்லும் `-e` என்ற தேர்வு இல்லாமல் கொடுத்தால் ஐ.பி. மட்டுமே தெரியும், பலர் மேக் மாறுவதைப் பார்க்காமலே இருந்துவிடுவதற்கு இது ஒரு காரணம்.

```
tcpdump -e -n -i eth0 icmp
```

கணினி, இரண்டு ரவுட்டர்களுக்கு இடைப்பட்ட லைன், சர்வர் என மூன்று இடங்களில் அதே பிங்கைப் பிடித்தால், நேரத்தையும் இறுதிப் பகுதியையும் நீக்கிப் பார்க்கும்போது இப்படி இருக்கும்:

```
02:00:00:00:00:25 > 02:00:00:00:0a:01, ethertype IPv4 (0x0800), length 98: 192.168.10.25 > 192.168.20.50: ICMP echo request
02:00:00:00:0a:02 > 02:00:00:00:0b:02, ethertype IPv4 (0x0800), length 98: 192.168.10.25 > 192.168.20.50: ICMP echo request
02:00:00:00:0b:01 > 02:00:00:00:00:50, ethertype IPv4 (0x0800), length 98: 192.168.10.25 > 192.168.20.50: ICMP echo request
```

வலப்பக்கத்தை மேலிருந்து கீழாகப் படியுங்கள்: ஐ.பி. இணை மூன்று வரிகளிலும் ஒன்றே. இடப்பக்கத்தைப் படியுங்கள்: ஆறு மேக் முகவரிகளில் எதுவும் இரண்டாம் முறை வரவில்லை. நீளம் மூன்றிலும் 98 பைட்டாகவே இருப்பதையும் பாருங்கள். பழைய மேலுறையின் மேல் புதியது ஏற்றப்படுவதில்லை, பழையது போய்ப் புதியது வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. `-v` என்ற தேர்வையும் சேர்த்தால் டிடிஎல் தெரியும். கணினியில் லினக்ஸ் இருந்தால் முதல் வரியில் 64, இரண்டாம் வரியில் 63, மூன்றாம் வரியில் 62.

சர்வரிலிருந்து வரும் பதில் தனக்கெனப் புதிய டிடிஎல் எண்ணோடு கிளம்புகிறது. சர்வரும் லினக்ஸ் என்றால் 64-இல் தொடங்கி இரண்டு ரவுட்டர்களைக் கடந்து, உங்கள் பிங் திரையில் ttl=62 என்று வந்து சேரும். விண்டோஸ் சர்வர் வழக்கமாக 128-இல் தொடங்குவதால் 126 என்று தெரியும். குறைந்திருக்கும் அளவே வழியில் உள்ள ரவுட்டர்களின் எண்ணிக்கை.

நடு லைனில் பிடிக்க, ரவுட்டரில் லினக்ஸ் ஓடினால் அதிலேயே கட்டளையைக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் ரவுட்டருக்கும் லைனுக்கும் இடையே ஒரு சுவிட்ச்சை வைத்து, ஒரு போர்ட்டின் ஃபிரேம்களை இன்னொரு போர்ட்டுக்கும் நகலெடுத்து அனுப்பும் போர்ட் மிரரிங்கை அதில் அமைக்க வேண்டும். சுவிட்ச்சின் ஏதோ ஒரு காலிப் போர்ட்டில் மடிக்கணினியைச் செருகினால் பிறர் தமக்குள் பேசும் ஃபிரேம்கள் பெரும்பாலும் தெரியாது, ஏனெனில் சுவிட்ச் அவற்றை உரிய போர்ட்டுக்கு மட்டுமே அனுப்புகிறது.

வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் `traceroute 192.168.20.50` கொடுத்தால் 192.168.10.1, 10.1.1.2, 192.168.20.50 என்ற மூன்று வரிகள் வரும். ரவுட்டர்கள் பொதுவாகப் பாக்கெட் நுழைந்த போர்ட்டின் ஐ.பி.யிலிருந்து பதில் சொல்வதால், 10.1.1.1-உம் 192.168.20.1-உம் பட்டியலில் இடம்பெறவில்லை. சுவிட்ச்சுகள் டிடிஎல்லைத் தொடாததால் அவை தெரியவே தெரியாது.

கோளாறுகளும் அவற்றின் அடையாளமும்

முதலாவது, தவறான மாஸ்க். அம்பத்தூர்க் கணினியில் யாரோ 255.255.0.0 என்று கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இப்போது முன்பகுதி 192.168 மட்டும், கிண்டி சர்வரும் பக்கத்திலேயே இருப்பதாகக் கணினி நம்பிவிடுகிறது. கேட்வேயிடம் செல்லாமல், 192.168.20.50 யாருடையது என்று அம்பத்தூர் மாடியிலேயே கேட்டுக்கொண்டிருக்கும். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. லினக்ஸில் அடையாளம் தெளிவாக இருக்கும்:

```
From 192.168.10.25 icmp_seq=1 Destination Host Unreachable
$ ip neigh
192.168.20.50 dev eth0 FAILED
```

சேர முடியவில்லை என்று சொல்வது உங்கள் கணினியின் சொந்த ஐ.பி.தான் என்பதைக் கவனியுங்கள். பாக்கெட் கணினியை விட்டே வெளியேறவில்லை என்று அதற்குப் பொருள். வெளிநெட்வொர்க் முகவரி ஒன்று ஏஆர்பி பட்டியலில் தோன்றுவதே மாஸ்க்கைச் சந்தேகிக்கப் போதுமான காரணம். இந்தக் கோளாறில் இணையம் வழக்கம்போல வேலை செய்யும், ஏனெனில் இணைய முகவரிகள் 192.168-இல் தொடங்குவதில்லை, கிண்டி மட்டும் கிடைக்காது. அதனால் லீஸ்டு லைன் பழுது என்று எண்ணிப் புகார் கொடுப்பவர்கள் உண்டு.

சில ரவுட்டர்கள் இந்தத் தவறை மூடிமறைத்தும் விடுகின்றன. பிராக்ஸி ஏஆர்பி என்ற வசதி இயங்கும் ரவுட்டர், 192.168.20.50-க்கான கேள்விக்குத் தன் மேக்கைக் கொடுத்துப் பதில் சொல்லிவிடும். எல்லாம் வேலை செய்யும். ரவுட்டரை மாற்றும் நாளில் ஒரு கணினி மட்டும் நின்றுபோகும். ஏஆர்பி பட்டியலில் வெளிநெட்வொர்க் முகவரிகள் பலவற்றுக்கும் ஒரே மேக் இருந்தால் இதுதான் நடக்கிறது.

இரண்டாவது, மேக் முகவரியைக் கொண்டு அனுமதி வழங்க முயல்வது. அம்பத்தூரின் 20 கணினிகளில் கணக்குப் பிரிவினருடையவை மட்டும் சர்வரைத் தொட வேண்டும் என்று, அவற்றின் மேக் முகவரிகளை எழுதி வாங்கிக் கிண்டி சர்வரில் பதிவு செய்கிறார்கள் என்று கொள்வோம். ஒரு கணினிகூட இணையாது. மேலே உள்ள மூன்றாம் வரியைப் பார்த்தால் காரணம் தெரியும்: அம்பத்தூரிலிருந்து யார் வந்தாலும் சர்வருக்குத் தெரியும் அனுப்புபவர் மேக், கிண்டி ரவுட்டரின் உள்பக்கப் போர்ட்டுடையது. சரி, அந்த மேக்கை அனுமதித்துவிடலாம் என்றால், 20 கணினிகளுக்கும் வழி திறந்துவிடும். மேக் அடிப்படையிலான கட்டுப்பாடு கருவி இணைந்திருக்கும் முதல் சுவிட்ச்சிலோ வைஃபை கருவியிலோ மட்டுமே பொருள் தரும்; ரவுட்டருக்கு அப்பால் ஐ.பி.யையோ பயனர் பெயரையோ கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும். மேக்கை யாரும் மாற்றிக்கொள்ள முடியும் என்பதால் முதல் சுவிட்ச்சிலும் அதை மட்டும் நம்புவது போதாது.

மூன்றாவது, ஒரே ஐ.பி. இரண்டு கருவிகளில் இருப்பது. யாரோ ஒரு பிரிண்டருக்கு 192.168.10.1 என்று கையால் கொடுத்துவிட்டால், ஏஆர்பி கேள்விக்கு ரவுட்டரும் பிரிண்டரும் பதில் சொல்லும். பிரிண்டரின் மேக் பட்டியலில் பதிந்த கணினிக்கு வெளியுலகம் இல்லை. சிறிது நேரம் கழித்து ரவுட்டரின் மேக் பதிந்தால் மறுபடி வரும். விட்டுவிட்டு வரும் இத்தகைய இணைப்பில், `ip neigh` பட்டியலில் கேட்வேயின் மேக்கைச் சில முறை பாருங்கள். மாறிக்கொண்டே இருந்தால் கேபிளில் குறையில்லை.

நான்காவது, வீட்டு இணைப்பில் வருவது. தெருவில் கேபிள் வழி இணையம் தருபவர்கள் சிலர், வாடிக்கையாளர் கருவியின் மேக் முகவரியைத் தங்கள் பக்கத்தில் பதிந்துவைத்து அதற்கு மட்டுமே இணைப்புத் தருகிறார்கள். ரவுட்டரைப் புதிதாக வாங்கி மாற்றியதும் எல்லா விளக்குகளும் எரியும், ஐ.பி. மட்டும் கிடைக்காது. இணையம் தருபவரின் முதல் கருவி பார்ப்பது உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்கப் போர்ட்டின் மேக்கை மட்டுமே. ஆகவே அவரிடம் புதிய மேக்கைச் சொல்லிப் பதியச் செய்யலாம். அல்லது ரவுட்டரின் அமைப்பில் MAC Clone என்ற இடத்தில் பழைய ரவுட்டரின் வெளிப்பக்க மேக்கை எழுதலாம். வீட்டில் உள்ள மடிக்கணினியையோ கைப்பேசியையோ மாற்றுவதால் இந்தச் சிக்கல் வருவதில்லை, அவற்றின் மேக் ரவுட்டரோடு முடிந்துவிடுவதால்.

ஐ.பி. மாறும் இடமும், மேக் மாறாத இடமும்

ஐ.பி. கடைசிவரை மாறாது என்ற விதிக்கு நாட் என்பது பெரிய விலக்கு. நம் அம்பத்தூர்–கிண்டிப் பாதையில் அது இல்லை. வீட்டு இணைப்பில் அநேகமாக எப்போதும் இருக்கும். 10, 192.168 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவையும் தனிப்பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் அவற்றுக்கு வழித்தடம் கிடையாது. எனவே வேளச்சேரியில் ஒரு வீட்டிலிருந்து 192.168.1.7 என்ற கணினி வெளியே பேசும்போது, வீட்டு ரவுட்டர் மேலுறையை மாற்றுவதோடு அனுப்புபவர் ஐ.பி.யையும் தன் வெளிப்பக்க ஐ.பி.யாக மாற்றி, எந்தக் கணினிக்காக மாற்றினோம் என்பதைப் பாக்கெட்டுக்குள் எழுதப்பட்டிருக்கும் போர்ட் எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொள்கிறது; இது ரவுட்டரில் கேபிள் செருகும் போர்ட் அல்ல. பதில் வரும்போது பெறுபவர் ஐ.பி.யைத் திரும்பவும் 192.168.1.7 என்று மாற்றித் தருகிறது. ரவுட்டரின் வெளிப்பக்க ஐ.பி. 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், இணையம் தருபவரிடம் இன்னொரு நாட் இருக்கிறது, அங்கே ஐ.பி. இரண்டாம் முறை மாறும். இது வழித்தடம் காட்டும் வேலையின் பகுதியல்ல, அதன்மேல் சேர்க்கப்பட்ட தனி வேலை என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஒரே பெட்டிக்குள் இரண்டு வேலைகள் இருப்பதும் குழப்பும். வீட்டு வைஃபை ரவுட்டர் என்பது உள்ளே ஒரு சுவிட்ச், ஒரு வைஃபை கருவி, ஒரு ரவுட்டர் மூன்றும் சேர்ந்தது. கைப்பேசியிலிருந்து அதே வீட்டின் பிரிண்டருக்குச் செல்லும் ஃபிரேம் அந்தப் பெட்டியைக் கடந்தாலும் ரவுட்டர் பகுதியைத் தொடுவதில்லை. மேக் முகவரிகள் அப்படியே இருக்கும். அலுவலகங்களில் உள்ள லேயர்-3 சுவிட்ச் இதற்கு எதிர்ப்புறம்: பெயர் சுவிட்ச் என்றாலும், ஒரு விலானிலிருந்து, அதாவது சுவிட்ச்சுக்குள் பிரித்து அமைத்த ஒரு தனி நெட்வொர்க்கிலிருந்து, இன்னொரு விலானுக்கு அனுப்பும்போது அது ரவுட்டராகவே நடந்து மேக்கை மாற்றி டிடிஎல்லைக் குறைக்கும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரைவிட டிடிஎல் நம்பத்தக்கது: குறைந்திருந்தால் அங்கே ரவுட்டர் வேலை நடந்திருக்கிறது.

ஆனால் டிடிஎல் குறையாமலே மேக் மாறும் இடம் ஒன்று உண்டு. வைஃபை எட்டாத அறைக்காக வாங்கி வைக்கும் ரிப்பீட்டர்களில் பல, தமக்குப் பின்னால் உள்ள கருவிகளின் மேக்குக்குப் பதிலாகத் தம் மேக்கையே எழுதி முதன்மைக் கருவிக்கு அனுப்புகின்றன. சாதாரண வைஃபை இணைப்பின் ஃபிரேமில் மூன்று முகவரிகளுக்கே இடம் இருப்பதால், பின்னால் உள்ளவரின் மேக்கைத் தனியே எழுத அங்கே இடமில்லை. அந்த அறையில் இருக்கும் கைப்பேசி, தொலைக்காட்சி, மடிக்கணினி எல்லாமே முதன்மை ரவுட்டரின் பட்டியலில் வெவ்வேறு ஐ.பி.க்களோடும் ஒரே மேக்கோடும் தெரிந்தால், ஐ.பி. மோதலோ ஊடுருவலோ என்று அஞ்சுவதற்கு முன்னால் அந்த மேக்கை ரிப்பீட்டரின் அடிப்பக்கத்து ஒட்டுத்தாளில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ரிப்பீட்டர் வைஃபை பக்கத்துக்குச் சற்றே மாற்றிய மேக்கைப் பயன்படுத்துவதும் உண்டு என்பதால், கடைசி ஓரிரு இலக்கங்கள் மட்டும் வேறுபட்டாலும் அது பெரும்பாலும் அதே கருவிதான்.